ரவுட்டர் தானாகவே போர்ட் திறக்கிறதா? '100' முகவரி வழக்கு

மண்டபம் கருவாடு: எங்கள் கருவாட்டுக் கிடங்கின் கேமரா டிவிஆர் பதிவேட்டில், முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து யாரோ கடவுச்சொல் போட்டுப் பார்த்த தடயம் இருக்கிறது. ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் நான் திறந்ததில்லை. எப்படி உள்ளே வந்தார்கள்?

தொண்டிக்காரன்: வீண் பயம். நம் கரையில் எல்லோருக்கும் 100 என்று தொடங்கும் முகவரிதான். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி. வெளியாள் உங்கள் ரவுட்டரைத் தொடவே முடியாது. கருவிகள் கேட்டதும் போர்ட் திறந்துவிடும் யூபிஎன்பி வசதி இயங்கினால்தான் என்ன?

பாம்பன் வாடை: வந்துவிட்டார் 100 முகவரிப் புலவர். பதிவேட்டில் வெளி முகவரிகள் விழுந்திருக்கின்றன என்று அவர் எழுதியதைப் படித்தீர்களா? போர்ட்டைத் திறந்தது டிவிஆர்தான். யூபிஎன்பி இயங்கும் ரவுட்டரிடம், வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் "8000ஐ எனக்குத் திற" என்று கேட்கலாம். ரவுட்டர் கடவுச்சொல் கேட்காது, உங்களிடமும் சொல்லாது. 2008இலேயே ஒரு வலைப்பக்கத்தில் வைத்த ஃபிளாஷ் கோப்பே இப்படிக் கேட்க முடியும் என்று செய்து காட்டினார்கள். மண்டபத்து அண்ணன், கணினியில் மினியூபிஎன்பிசி நிறுவி இதை ஓட்டுங்கள்:

```
upnpc -l
```

கீழக்கரை மூன்றாம் தெரு: எங்கள் வீட்டில் மாடியில் வைஃபை கிடைப்பதில்லை. அதற்கும் யூபிஎன்பிதான் காரணமா, காக்கா?

பாம்பன் வாடை: இல்லை. அது உங்கள் சுவர்.

மண்டபம் கருவாடு: ஓட்டினேன். பட்டியலில் இந்த வரி இருக்கிறது:

```
0 TCP  8000->192.168.1.64:8000  'DVR' '' 0
```

192.168.1.64 எங்கள் டிவிஆர்தான். மேலே ExternalIPAddress என்று இருப்பது 100இல் தொடங்கவில்லை. துபாயில் இருக்கும் மகன் நேரடியாகப் பார்க்க வேண்டும் என்றதால் போன மாதம் கூடுதல் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கினோம்.

பாம்பன் வாடை: முடிந்தது கதை. பழைய முகவரியில் வெளி இணையத்துக்கு எட்டாமல் கிடந்த திறப்பு, பொது முகவரி வந்த அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் நிற்கும் 0 என்றால் அந்தத் திறப்புக்குக் காலாவதி கிடையாது என்று பொருள்.

தொண்டிக்காரன்: ஆக, 100 முகவரி இருந்தவரை பாதுகாப்பு இருந்தது! நான் சொன்னதும் அதுதானே?

பாம்பன் வாடை: 100 என்று தொடங்கினாலே போதாது. 2012இல் இதற்காக ஒதுக்கியது 100.64 முதல் 100.127 வரைதான். மற்ற 100கள் சாதாரணப் பொது முகவரிகள். அந்த வரம்புக்குள் இருந்தாலும், இணைய நிறுவனம் வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்காவிட்டால் அதே வலையில் இருக்கும் இன்னொரு சந்தாதாரர் உங்கள் திறப்பைத் தட்டலாம்.

தொண்டிக்காரன்: "தட்டலாம்", "எட்டலாம்". 100 முகவரியில் யாராவது நுழைந்ததைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். போன வருடம் பாம்பனில் நீங்கள் கட்டிக்கொடுத்த இணைப்பு உப்புக் காற்றில் பச்சை பூத்து அறுந்ததை ஊரே பார்த்தது.

பாம்பன் வாடை: உறை போடாமல் செம்பை வெளியில் விட்டது உங்கள் மைத்துனர். அதை இங்கே இழுக்க வேண்டாம். அண்ணன், வரிசையை மாற்றாதீர்கள். முதலில் டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில் UPnP நிறுத்துங்கள், இல்லையென்றால் அது மறுபடி கேட்கும். பிறகு திறப்பை நீக்குங்கள்:

```
upnpc -d 8000 TCP
```

அதன்பின் ரவுட்டரில் நிறுத்துங்கள். அது Advanced, NAT, Application என்று கருவிக்கொரு பட்டியலில் ஒளிந்திருக்கும். சில ரவுட்டர்கள் நிறுத்திய பிறகும் பழைய திறப்பை வைத்திருக்கும் என்பதால் அணைத்துப் போட்டு, அதன் போர்ட் பட்டியல் காலியா என்று பாருங்கள். யூபிஎன்பி நின்ற பிறகு upnpc எதையும் காட்டாது, அதை நம்பி உட்காராதீர்கள். கடைசியாகக் கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் இணையத்திலிருந்து கேமரா செயலியில் பொது முகவரியையும் 8000ஐயும் நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். இணையக் கூடாது. டிவிஆர் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

மண்டபம் கருவாடு: மகனுக்குப் படம் நின்றுவிடுமே?

பாம்பன் வாடை: நேரடி முகவரியில் நிற்கும். டிவிஆரே வெளியே போய் அதைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரைத் தொடும் வழியில் பார்த்தால் நிற்காது. ஆனால் அப்போது அந்தச் சர்வரை நம்ப வேண்டும். எனக்கு அதில் முழு மனது இல்லை. வீட்டில் ஒரு விபிஎன் அமைப்பது மேல்.

கீழக்கரை மூன்றாம் தெரு: நிறுத்தினால் என் தம்பியின் விளையாட்டுப் பெட்டி நண்பர்களோடு சேர மறுக்கிறது. அவன் சாப்பிடவே வரவில்லை. மறுபடி போட்டுவிட்டேன்.

பாம்பன் வாடை: போடுங்கள். அந்த ஒரு பெட்டிக்குக் கையால் ஒரு போர்ட் திறந்து கொடுக்கலாம் என்றால் யார் கேட்கிறார்கள்.

தொண்டிக்காரன்: இத்தனை பக்கம் எழுதியும் 100 முகவரியில் நுழைந்தவன் எவன் என்று பதில் வரவில்லை. கவனித்தீர்களா?

பாம்பன் வாடை: உங்கள் ரவுட்டர் காட்டும் முகவரி முதலில் 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருக்கிறதா? அதையாவது பார்த்தீர்களா?

தொண்டிக்காரன்: 100 என்று தொடங்குகிறது. அது போதும்.