ஸ்லைடின் தலைப்பு வாக்கியமாகத்தான் இருக்க வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை:
ஒரு ஸ்லைடுக்கு ஒரு செய்தி என்று சொல்லிச் சொல்லியே, எட்டில் முடிய வேண்டியதை முப்பதாக்குகிறார்கள். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மாதக் கூட்டத்துக்கு 'ஈரப்பத நிலவரம்' என்று தலைப்பிட்டு, எட்டு மையங்களின் அட்டவணை, வட்ட வரைபடம், காரணங்கள், கோரிக்கை எல்லாவற்றையும் ஒரே ஸ்லைடில் வைத்தேன். படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது போதாதா?

குடந்தை வரைபடம்:
போதாது. 'ஈரப்பத நிலவரம்' என்பது கோப்பின் பெயர். நிலவரம் என்னவென்று அது சொல்லவில்லை. 'மூன்று மையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது' என்று எழுதுங்கள். அதன் கீழே அதை நிரூபிக்கும் படம் ஒன்று மட்டும் போதும். எட்டு மையங்களையும் பட்டைகளாக, அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசைப்படுத்துங்கள். 17இல் ஒரு கோடு போடுங்கள். தாண்டிய மூன்றுக்கு அடர்நிறம், மற்றவற்றுக்குச் சாம்பல் நிறம். எண்களைப் பட்டையின் மேலேயே எழுதிவிட்டால் பின்னணிக் கட்டங்களும் நிற விளக்கப் பெட்டியும் தேவையில்லை. களம் போதாததால் நெல் காயவில்லை என்பது அடுத்த ஸ்லைடு. தார்ப்பாய் வாங்கப் பணம் வேண்டும் என்பது அதற்கடுத்தது.

வெண்ணாற்றங்கரை:
தலைப்பில் வினைச்சொல் வைக்க இது என்ன செய்தித்தாளா? கொள்முதல் நிலையத்தில் 17 தான் வரம்பு என்பது டெல்டாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

குடந்தை வரைபடம்:
வரம்பு தெரியும். எந்த மையம் தாண்டியது என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கூட்டத்துக்கு வருகிறார்கள். இன்னொன்று: வட்ட வரைபடம் ஒரு முழுமையின் பங்குகளைக் காட்டுவது. எட்டு மையங்களின் ஈரப்பதத்தைக் கூட்டினால் எந்த முழுமையும் வராது. அந்தப் படம் அங்கே தவறு.

மன்னை ஆசிரியை:
இருவருமே சிக்கலாக்குகிறீர்கள். ஆறு வரி, வரிக்கு ஆறு சொல். இதைக் கடைப்பிடித்தால் எல்லாம் தெளிவாகிவிடும். படமே வேண்டாம்.

குடந்தை வரைபடம்:
எழுத்தைக் குறைக்கச் சொல்வது சரி, அம்மா. ஆனால் சொற்களை எண்ணுவது தமிழுக்குப் பொருந்தாது. 'உலர்த்தப்படாததனால்' என்பது ஒரே சொல், பாதி வரியை விழுங்கிவிடும். ஆறு வரியில் ஆறு வெவ்வேறு செய்திகளையும் அடைத்துவிடலாம். படம் இல்லாவிட்டால் கேட்பவர்கள் உங்கள் பேச்சை நம்பித்தான் ஆக வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:
சொற்கள் நீளம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். பிறகு தலைப்பில் முழு வாக்கியம் எப்படி அடங்கும்? என் கேள்வி அதுதான். வாக்கியம் எதற்கு?

குடந்தை வரைபடம்:
இரண்டு வரிக்குள் அடங்கும். அடங்காவிட்டால் அதற்குள் 'மேலும்', 'ஆனால்' ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே இரண்டு செய்திகள் இருக்கின்றன, ஸ்லைடைப் பிரியுங்கள். வரி இடைவெளியை மட்டும் நெருக்காதீர்கள். மேல் வரியின் 'பூ' கீழ் வரியின் 'கீ'யோடு இடித்துக்கொள்ளும். கடைசியில் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். கூட்டத்தில் நீங்கள் சொல்ல வந்தது அதிலேயே புரிய வேண்டும். உங்கள் கோப்பில் அப்படிப் படித்தால் 'நிலவரம், விவரம், அறிக்கை' என்றுதான் வரும்.

கடைமடை:
எங்கள் கூட்டுறவுச் சங்க ஆண்டுக் கூட்டத்தில் எல்லா எண்களையும் திரையில் காட்டாவிட்டால் உறுப்பினர்கள் மறைக்கிறோம் என்று சண்டைக்கு வருவார்கள். உங்கள் சாம்பல் நிறத்தை வைத்து அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

குடந்தை வரைபடம்:
உங்களுடையது கணக்கு ஒப்படைக்கும் கூட்டம். இங்கே பேசுவது முடிவெடுக்கும் குழுக் கூட்டம். அட்டவணையை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். கடைசி வரிசையில் நின்றால் படிக்க முடியாத எண்ணைத் திரையில் போடுவதுதான் மறைப்பது.

கடைமடை:
அச்சுச் செலவை நீங்கள் தருவீர்களா? போன முறையும் இப்படித்தான் உறுதியாகப் பேசினீர்கள். உங்களை நம்பிப் பாமினி எழுத்துருவில் செய்த கோப்பு, அலுவலகக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தது.

குடந்தை வரைபடம்:
பாமினியில் செய்யச் சொன்னது நான் இல்லை. யூனிகோடில் செய்து PDF ஆகவும் ஒன்று எடுத்துச் செல்லுங்கள் என்றேன். பழைய இழையைத் திறந்து பாருங்கள்.

கடைமடை:
பார்த்தேன். PDF பற்றி ஒரு சொல் கூட இல்லை.

மன்னை ஆசிரியை:
ஆறு வரி விதியைத் தமிழுக்கு ஆகாது என்றீர்களே, என் மாணவர்கள் அதை வைத்து நன்றாகத்தான் செய்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை:
வட்டப் படத்தை எடுத்துவிடுகிறேன், அச்சுத்தாள் குறைவாக இருந்தால் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்கிறேன். தலைப்பு 'ஈரப்பத நிலவரம்' தான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அப்படியே காட்டப்போகிறேன்.

குடந்தை வரைபடம்:
காட்டுங்கள். எந்த மூன்று மையங்கள் என்று முதலில் யார் கேட்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே வந்து எழுதுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
யாரும் கேட்க மாட்டார்கள். அட்டவணையில் இருக்கிறது.