விளம்பரத்துக்கு ஏற்ப ரெஸ்யூமைத் திருத்தும்போது பார்த்தவை

மாறன்:
இன்வென்டரி வேலைக்கு வந்த ஒரு ரெஸ்யூம் இன்னும் உறுத்துது. விளம்பரத்தில் 'சைக்கிள் கவுண்ட்', அதாவது சரக்கை வருஷம் முழுக்கப் பகுதி பகுதியா எண்ணிச் சரிபார்க்கறது, கட்டாயம்னு இருந்தது. ரெஸ்யூமிலும் முதல் வரியிலேயே அதே சொல். "எந்தப் பொருளை எத்தனை நாளைக்கு ஒருமுறை எண்ணுவீங்க, அதை எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்றதும் அந்தப் பையன் மேசையையே பார்த்துட்டு இருந்தார். செய்தது ஆண்டிறுதி மொத்தக் கணக்கெடுப்பு மட்டும். ஆனா அதில் வந்த வித்தியாசங்களை ரசீதோடு ஒப்பிட்டுச் சரிசெய்தவர் அவர்தான். விளம்பரத்தின் இரண்டாவது தேவையே அதுதான். அந்த வரி ரெஸ்யூமில் இல்லவே இல்லை, இடம் பத்தலைன்னு எடுத்துட்டாராம்.

செல்வி_கே:
ரெஸ்யூமை வடிகட்டுற சாஃப்ட்வேர் சொற்களை எண்ணித்தான் தள்ளுது. அதனால விளம்பரத்தில் இருக்கிற எல்லாச் சொல்லையும் போடணும், கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்திலாவது.

ஆதிரை:
செல்வி, பாதி சரி. ஆள் தேடுகிறவர் சொல்லைத் தட்டித் தேடுவார், அதனால் விளம்பரத்தின் சொல் அப்படியே இருப்பது உதவும். ஆனால் பல இடங்களில் உடனே தள்ளுவது விண்ணப்பப் படிவத்தின் ஆம், இல்லை கேள்விகள். வெள்ளை எழுத்து வெறும் உரையாக மாறும்போது அப்படியே தெரிந்துவிடும், நம்பிக்கையும் அதோடு போகும்.

விளம்பரத்தில் 'கட்டாயம்' என்பதையும் இரண்டு முறை வரும் சொற்களையும் மட்டும் எடுங்கள், ஐந்தாறுதான் தேறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்தது, ஓரளவு செய்தது, செய்யாதது என்று குறியுங்கள். செய்ததற்கு விளம்பரத்தின் சொல்லையே வையுங்கள்: 'ஸ்டாக் டேலி பார்த்தேன்' என்பது 'ஸ்டாக் வேறுபாடு சரிசெய்தல், 1,200 பொருள்கள்' ஆகட்டும். ஓரளவு செய்ததற்கு அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'ஈஆர்பி, சரக்கு வரவுப் பதிவு மட்டும், 8 மாதம்'. செய்யாததை விட்டுவிடுங்கள். பிறகு பொருந்தும் வரிகளை அந்தந்த வேலையின் கீழ் மேலே ஏற்றுங்கள். இடம் போதாவிட்டால் விளம்பரம் கேட்காத வரிகளை நீக்குங்கள். மாறன் சொன்னவர் நேர்மாறாகச் செய்திருக்கிறார். கடைசியில் முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த அமைப்பும் கட்டங்களும் இருந்தால் வேலையும் தேதியும் கலைந்து நிற்கும்.

ரகு77:
அப்போ ரெண்டு வருஷ இடைவெளியை எங்கே எழுதறது?

மாறன்:
ரகு, அது வேற விஷயம், தனியா கேளுங்க. ஆதிரை, பதவிப் பெயர் என்ன செய்யறது? 'ஸ்டோர் அசிஸ்டென்ட்' என்பதை விளம்பரத்தில் உள்ளபடி 'இன்வென்டரி கன்ட்ரோலர்'னு மாத்தறாங்களே.

ஆதிரை:
மாற்றக் கூடாது. பழைய நிறுவனத்தில் விசாரித்தால் அங்கே உள்ள பெயர்தான் வரும். பதவி அப்படியே இருக்கட்டும், அடுத்த வரியில் 'இன்வென்டரி பணிகள்' என்று எழுதலாம்.

செல்வி_கே:
பதவிப் பெயரை மட்டும் தட்டித் தேடினா அந்த அடுத்த வரி யார் கண்ணில் படும்? அடைப்புக்குறிக்குள் இணையான பெயரைப் போடறதில் எனக்குத் தப்பு தெரியலை.

மாறன்:
போட்டா 'இணையான பணி'ங்கிற சொல்லோட போடுங்க. அப்பவும் சில இடத்தில் கேள்வி வரும்.