[கலைச்சொல்] Size on disk: ‘வட்டில் அளவு’ போதுமா?

நிர்மலா:
வணக்கம். கோப்பு மேலாளரின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை இறுதியாகிறது. பண்புகள் சாளரத்தில் Size, Size on disk என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. இப்போது ‘அளவு’, ‘வட்டில் அளவு’ என்று வைத்திருக்கிறோம். இரண்டும் இரண்டு எண்ணைக் காட்டுவதால், எது சரி என்று கேட்டு வழு அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. சொல்லே விளங்கும்படி இருக்க வேண்டும்.

செல்வம்:
வட்டில் எழுதும்போது கொஞ்சம் இடம் வீணாகும், அதனால் இரண்டாவது எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். ‘உண்மை அளவு’, ‘மிகையளவு’ என்று வைத்தால் குழப்பமே இல்லை.

இளங்கோ:
செல்வம், வீணாவது சரி. ‘எப்போதும்’ என்பது சரியில்லை. என்னிடம் ஓர் அடைவில் 10,000 படவுருக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 300 பைட். கூட்டினால் 30 லட்சம் பைட், 3 எம்பிக்குள். ext4 இடத்தை 4096 பைட் தொகுதிகளாகத்தான் தருகிறது. 300 பைட் கோப்புக்கும் ஒரு முழுத் தொகுதி போய்விடும். பத்தாயிரம் தொகுதி என்றால் 39 எம்பி. அதனால்தான் முதல் கட்டளை 40 எம்பியை ஒட்டியும் இரண்டாவது 3 எம்பியை ஒட்டியும் சொல்கின்றன. அடைவு தனக்கென எடுக்கும் சிறிது இடமும் இவற்றில் சேரும்.

```
du -sh icons
du -sh --apparent-size icons
```

அதே அடைவை 128 கேபி தொகுதி கொண்ட exFAT பென் டிரைவில் போட்டால் 1.2 ஜிபி ஆகிவிடும். கோப்புகளில் ஒரு பைட்கூட மாறியிருக்காது.

இப்போது எதிர்த்திசையில் ஒன்று:

```
truncate -s 1G test.img
ls -lh test.img
du -h test.img
```

ls 1 ஜிபி என்கிறது, du 0 என்கிறது. கோப்பில் எதுவும் எழுதப்படாததால் தொகுதியே ஒதுக்கப்படவில்லை. மெய்நிகர் கணினிகளின் வட்டுப் படிமங்கள் பல இப்படித்தான் இருக்கும். அங்கே ‘மிகையளவு’ பூச்சியம் என்று காட்டுவோமா? ‘உண்மை’யும் வேண்டாம், இரண்டுமே உண்மைதான். ஒன்று கோப்பை மின்னஞ்சலில் அனுப்பும்போது வேண்டியது, மற்றது இடம் போதுமா என்று பார்க்க வேண்டியது.

ரஹீம்:
எனக்கும் இதே பிரச்சினை! 64 ஜிபி பென் டிரைவ், கணினியில் 59.6 என்றுதான் காட்டுகிறது. மீதியைத் தொகுதிதான் தின்கிறதா?

இளங்கோ:
இல்லை ரஹீம், அது வேறு கணக்கு. தயாரிப்பவர் 1000-ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. வெறும் டிரைவிலும் அப்படியேதான் இருக்கும்.

மணிவாசகன்:
நம்மிடமே விடை இருக்கிறதே! தொல்காப்பியத் தொகைமரபு அளவுப்பெயர், நிறைப்பெயர்களின் முதலெழுத்து ஒன்பது என்கிறது. அளவுப்பெயருக்கு உரையாசிரியர்கள் காட்டுபவை கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. பல, ஏனத்தின் பெயரே அளவின் பெயரானவை. தொகுதி என்பதும் ஓர் ஏனம்தானே? பாதி நிறைந்தாலும் கலம் ஒன்று ஒன்றுதான். எனவே ‘கலவளவு’. ‘வட்டி’ அந்தப் பட்டியலில் இருப்பதையும் கவனியுங்கள். வட்டு, வட்டில், வட்டி எல்லாம் ஒரே வேர். ‘வட்டில் அளவு’ என்றால் கிண்ணத்தின் அளவு என்றும் படிக்கலாம்.

நிர்மலா:
ஐயா, விளக்கம் அருமை. ஆனால் சாளரத்தில் ‘கலவளவு’ என்று பார்ப்பவர் ‘கலவை அளவு’ என்றுதான் படிப்பார்.

செல்வம்:
சரி, என் ‘மிகை’யை விட்டுவிடுகிறேன். ‘கொள்ளளவு’?

இளங்கோ:
அது எவ்வளவு கொள்ளும் என்பது, முழு டிரைவுக்கு ஏற்கெனவே அதைத்தான் வைத்திருக்கிறோம். ‘பிடித்துள்ள இடம்’ என்று சொல்லிப் பாருங்கள். கூடினாலும் குறைந்தாலும் பொருந்துகிறது. எஸ்எஸ்டியில் வட்டே கிடையாது, அந்தத் தொல்லையும் தீர்கிறது. முதல் வரி ‘உள்ளடக்க அளவு’.

மணிவாசகன்:
‘பிடித்த’ என்றால் விருப்பமானது என்றும் பொருள் வரும் தம்பி. அதோடு ‘இடம்’ அளவைப் பெயர் ஆகாது. ஒரே வகை எண்ணுக்கு ஒரு வரியில் அளவு, மறு வரியில் இடம் என்று எழுதுவது முறையில்லை.

நிர்மலா:
அதனால்தான் ‘பிடித்துள்ள’ என்று போடுகிறேன். ‘உள்ளடக்க அளவு’, ‘பிடித்துள்ள இடம்’ இரண்டுக்கும் நான்கு பேர் சரி என்றிருக்கிறீர்கள், இந்த வெளியீட்டில் அவை போகட்டும். வன்தொடுப்புக் கேள்வி நிற்கிறது. ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் இருந்தால் du ஒருமுறைதான் எண்ணுகிறது, நம் சாளரம் இரண்டு முறை எண்ணுகிறது. அங்கே ‘பிடித்துள்ள இடம்’ என்பதே தவறாகிவிடும். அது நிரலில் திருத்த வேண்டியதா, சொல்லில் திருத்த வேண்டியதா?

மணிவாசகன்:
என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். கலவளவுதான் சரி.