14 மணி நேர பிரிண்ட்: ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாமா?

கீழக்கரை மாடிவீடு: மாடி ரூமில் 3டி பிரிண்டர். 14 மணி நேர பிரிண்ட், ராத்திரி போட்டுவிட்டுக் கீழே தூங்கலாமா? புகை அலாரம் கீழே சமையல்கட்டு வாசலில் ஒன்று இருக்கிறது.

தேவிபட்டினம்: லேசர் பிரிண்டர் என்றால் ஸ்லீப் மோடில் போட்டுவிட்டால் போதுமே?

தொண்டி: அது காகித பிரிண்டர் அண்ணே, இவர் கேட்பது பிளாஸ்டிக் உருக்கும் மெஷின். தாராளமாக ஓடவிடலாம். மெஷினை உள்ளே இருந்து ஓட்டும் மார்லின் மென்பொருளில் சூட்டுப் பாதுகாப்பு இருக்கிறது, ஏதாவது ஆனால் தானே நின்றுவிடும். மிச்சத்துக்கு எம்சிபி இருக்கு.

மண்டபம்: தம்பி சொன்னது பாதிதான் சரி. சென்சார் கழன்றால், ஹீட்டர் கட்டுக்கு மீறினால் மார்லின் பிடிக்கும். பிரிண்ட் உட்காரும் சூட்டுத் தட்டுதான் பெட்; அதன் ஒயர் போர்டில் சேரும் திருகு முனையை மார்லின் பார்ப்பதே இல்லை. 24 வோல்ட், 220 வாட் பெட் 9 ஆம்பியர் இழுக்கும். அந்த முனையில் 0.1 ஓம் தடை வந்தாலே அங்கே 8 வாட் சூடு, அதுவும் பட்டாணி அளவு இடத்தில். கரண்ட் கூடவில்லை, அதனால் எம்சிபியும் விழாது. பெட் 60 டிகிரிக்கு வரத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான் வெளியே தெரியும்.

முனை ஏன் லூசாகிறது? ஒயர் நுனியில் ஈயம் பூசித் திருகியிருப்பார்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி விலகும். நம்ம ஊர் உப்புக்காற்றில் செம்பும் பச்சையாகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். முனை பிளாஸ்டிக் பழுப்பாக இருந்தால் அந்தக் கனெக்டரையே மாற்றணும். ஈயம் பூசிய நுனியை வெட்டிவிட்டு, ஒயர் கனத்துக்குப் பொருந்தும் பின் லக் என்ற உலோக முனையைப் போட்டு, கிரிம்ப் பண்ணித் திருகுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

கீழக்கரை மாடிவீடு: இப்பவே கழற்றிப் பார்த்தேன். பிளஸ் முனை பழுப்புதான். அலாரம் எங்கே வைக்க?

மண்டபம்: சமையல்கட்டில் இருப்பது மாடிப் புகையை மணக்கவே நேரமாகும். ஒளி முறையில் புகை பார்க்கும் அலாரமாக ஒன்று, பிரிண்டர் ரூம் சீலிங்கிலேயே, சீலிங் ஃபேன் இறக்கை முனையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, சுவர் மூலையை ஒட்டாமல். காற்று அடித்தால் புகை அங்கே சேராது. கீழே படுக்கும் ரூமில் இன்னொன்று, மேலே அடித்தால் இங்கேயும் அடிக்கிற மாதிரி இணைப்பு உள்ளதாக வாங்குங்கள். மாடியில் அடிப்பது கதவு மூடியிருந்தால் கீழே கேட்காமல் போகலாம்.

தொண்டி: ஓட்டு வீடு என்றால்? புகை ஓட்டு இடுக்கு வழியாகவே போய்விடுமே.

மண்டபம்: அதற்கு நான் உறுதியாகச் சொல்லமாட்டேன், தம்பி. அங்கே அலாரத்தை நம்பி யாரும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

தொண்டி: ஆர்டர் எடுத்து ஓட்டுகிறவன் 14 மணி நேரம் உட்கார முடியுமா?

மண்டபம்: உட்காரவேண்டாம், வீட்டில் முழித்திருக்கும் ஆள் வேணும். பொருளை இரண்டாக வெட்டி 7 மணி நேரமாகப் பகலில் எடுத்து ஒட்டிவிடலாம்.

தொண்டி: ஒட்டினால் பலம் போகும். லக் மாற்றி, அலாரமும் வைத்தபின் ராத்திரி ஓட்டுவதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

மண்டபம்: அலாரம் எழுப்பும், அணைக்காது. தூங்கும்போது வேண்டாம் என்பதில் நான் மாறமாட்டேன்.