ஆழாக்குக் கணக்கும் கிலோ விலையும்

மேலூர்வாசி: எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா உதிரி மல்லிகையை ஆழாக்கு 40 ரூபாய் என்கிறார். இன்று காலை மதுரை மாட்டுத்தாவணியில் கிலோ 600 என்று செய்தியில் சொன்னார்கள். அப்படியானால் நான் கிலோவுக்கு எவ்வளவு கொடுக்கிறேன்?

கணக்குப்பிள்ளை: ஆழாக்குக்கு 50 கிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 20 ஆழாக்கு, எனவே நீங்கள் 800 ரூபாய் கொடுக்கிறீர்கள். சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த 20 மாறாது.

பூக்கடை மகன்: அந்த 20தான் மாறும், ஐயா. காலையில் இறுகிய மொட்டாக 50 கிராம் பிடித்த அதே ஆழாக்கில், மாலையில் இதழ் விரியத் தொடங்கியதும் இடைவெளி கூடி 40 கிராம்தான் அடங்கும். விலை 40 ரூபாயாகவே இருந்தாலும் கிலோ 1,000 ஆகிவிடும். இன்னொன்று, என் தாயார் உட்பட எங்கள் பக்கத்தில் பலர், விலை ஏறிய நாளில் 40ஐ 50 ஆக்க மாட்டார்கள், வாடிக்கை போய்விடும் என்று அளவைத் தலைதட்டிப் போடுவார்கள். மலிந்த நாளில் கும்பம் வைத்து, மேலே ஒரு கை கொசுறும் சேர்ப்பார்கள். சந்தையின் ஏற்ற இறக்கம் அந்தக் கும்பத்தில்தான் தெரியும்.

சரம்பிரியை: எனக்கும் இதே அநியாயம்தான் நடந்தது. முகூர்த்த நாளில் ஒரு முழம் வாங்கினேன். பூக்காரரின் முழங்கையோ மிகவும் குட்டை.

பூக்கடை மகன்: அது கட்டிய சரம், அம்மா. அதில் கட்டுக்கூலியும், பூவை எவ்வளவு நெருக்கிக் கட்டினார்கள் என்பதும் சேரும். இங்கே பேசுவது உதிரியை.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் தராசில் நிறுத்தே விற்கலாமே? எடைக்கு விற்றால் கும்பம், தலைதட்டு என்ற பேச்சே எழாது. 600க்கு வாங்கியவர் 800க்கு விற்பதற்கும் காரணம் சொல்லுங்கள்.

பூக்கடை மகன்: வாடாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிறோம், எடைக்கு வாங்குபவர் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே வாங்குகிறார், அளவுக்கு வாங்குபவருக்கு அந்த நட்டம் குறைவு. 600 என்பது ஒரு வேளையின் விலைதான். விடியலில் வாங்கியவருக்கும், வரத்துக் குவிந்தபின் வாங்கியவருக்கும் ஒரே விலை அமையாது. மீந்த பூவை மறுநாள் யாரும் தொட மாட்டார்கள் என்பதால், அந்த இழப்பும் விற்ற ஆழாக்குகளின் மேல்தான் ஏறும்.

கணக்குப்பிள்ளை: இழப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை ஏறியதைச் சொல்லாமல் அளவைக் குறைப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

மேலூர்வாசி: இன்று காலை கும்பமாக வாங்கிய ஆழாக்கை வீட்டுத் தராசில் வைத்தேன், 58 கிராம் இருந்தது. செய்தித்தாளில் பரப்பி அரை மணி நேரம் கழித்து நிறுத்தபோது 53. முதல் எடைக்குக் கிலோ ஏறத்தாழ 690 ரூபாய், இரண்டாவதற்கு 755. இதில் எது நான் கொடுத்த விலை?

பூக்கடை மகன்: நான் 755 என்பேன். என் தாயார் 690 என்பார்.