கலைச்சொல் விவாதம்: கண்டிஷன் வேரியபிளை 'நிபந்தனை மாறி' என்று சொல்லலாமா?

வளர்மதி:

அனைவருக்கும் வணக்கம். இழைகளை ஒருங்கிணைப்பது பற்றி மாணவர்களுக்காக ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மானிட்டரும் கண்டிஷன் வேரியபிளும் வரும் இடத்தில் நின்றுவிட்டேன். பல இடங்களில் 'நிபந்தனை மாறி' என்று பார்த்தேன். ஆனால் முதல் வரைவை இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்தபோது இருவருமே ஒரே மாதிரி புரிந்துகொண்டார்கள்: அந்த மாறிக்குள் உண்மை, பொய் என்று ஒரு மதிப்பு இருக்கிறது, அது உண்மையானதும் இழை எழுந்துவிடும் என்று. இருவரும் கீழே உள்ளபடிதான் நிரல் எழுதினார்கள்.

```python
with cond:
    if not q:
        cond.wait()
    x = q.popleft()
```

`if` இருக்கும் இடத்தில் `while` வர வேண்டும். அது ஏன் என்று நான் விளக்கினாலும் அந்தப் பெயர் எதிர்த் திசையில் இழுக்கிறது. வேறு சொல் வைக்கலாமா? மானிட்டருக்கும் ஒரு சொல் வேண்டும். 'கண்காணி' என்றால் திரையையோ, சேவையகத்தை மேற்பார்வை இடுவதையோ நினைக்கிறார்கள்.

இரவி:

வளர்மதி, சொல்லை மாற்றும் அளவுக்கு இது பெரிய விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். யாரும் அறிவிக்காமலேயே இழை விழித்துக்கொள்ளலாம் என்று போசிக்ஸ் தரம் அனுமதிக்கிறது. அதனால்தான் `while`. அதற்கு 'போலி விழிப்பு' என்று ஒரு சொல் வைத்து, ஒரு பத்தியில் சொல்லிவிட்டால் போதும். போலி விழிப்பு இல்லாத மொழியில் `if` எழுதினாலும் சரிதான். 'நிபந்தனை மாறி' அப்படியே இருக்கட்டும்.

மேகலா:

எனக்கு ஒரு சந்தேகம். லூப்புக்குள் காத்திருந்தால் சிபியு முழுக்க அதிலேயே போய்விடாதா? சென்ற ஆண்டு நான் எழுதிய ஒரு நிரலில் `while not ready: pass` என்று வைத்திருந்தேன். ஒரு கோர் 100% ஓடியது. பிறகு உள்ளே `sleep(0.01)` போட்டுச் சமாளித்தேன். லூப் கூடாது என்பதற்காகத்தானே இந்தக் கண்டிஷன் வேரியபிளே வந்தது? இப்போது திரும்பவும் லூப் என்கிறீர்களே.

சுந்தரம்:

மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் மேகலா. உங்கள் லூப் விழித்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறது. வளர்மதி சொல்லும் லூப்பில் நடுவே `wait` இருக்கிறது. அது பூட்டை விட்டுவிட்டு உறங்கப் போகிறது, இரண்டும் இடைவெளியில்லாமல் ஒரே செயலாக நடக்கிறது. எழுந்ததும் பூட்டைத் திரும்ப வாங்கிய பிறகுதான் அடுத்த வரிக்கு வருகிறது. ஆகவே ஒருமுறை எழுந்தால் ஒருமுறைதான் சோதனை, மற்ற நேரமெல்லாம் உறக்கம். உங்கள் `sleep(0.01)` வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொடிக்கு ஏறத்தாழ நூறு முறை எழுந்து பார்க்கும். வேலை வந்த பிறகும் சில மில்லிநொடி தாமதிக்கும்.

இப்போது இரவி. நீங்கள் சொன்ன போலி விழிப்பு உண்மைதான், தரத்தில் இருக்கிறது. பல செயலிகள் உள்ள கணினியில் அதை அறவே தடுத்தால் கண்டிஷன் செயல்கள் எல்லாமே மெதுவாகும் என்பதால் அனுமதித்தார்கள். ஆனால் லூப்புக்கு அது முதல் காரணம் அல்ல. போலி விழிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு, வளர்மதி கொடுத்த நிரலை ஓட்டிப் பாருங்கள். பொருள் எடுக்க அ, ஆ என இரண்டு இழைகள். பொருள் போட இ.

அ உள்ளே வருகிறது, வரிசை காலி, `wait` செய்து உறங்குகிறது. இ பூட்டை வாங்கி ஒரு பொருளைப் போட்டு `notify` செய்கிறது. அ இப்போது உறக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டது, ஆனால் பூட்டு இன்னும் இ-யின் கையில் இருக்கிறது. ஆகவே அ பூட்டுக்காக நிற்கிறது. இ பூட்டை விடும் அந்த நொடியில் ஆ வருகிறது. ஆ காத்திருந்ததே இல்லை, இப்போதுதான் முதன்முதலாக உள்ளே நுழைகிறது. பூட்டு ஆ-வுக்குக் கிடைத்துவிட்டது. வரிசையில் பொருள் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதன் பிறகு அ-வுக்குப் பூட்டு கிடைக்கிறது. `if` என்பதால் மறுபடி பார்க்காமல் நேரே `popleft`:

```
IndexError: pop from an empty deque
```

இங்கே யாரும் பொய்யாக எழுப்பவில்லை. அறிவிப்பு உண்மை, அறிவித்தபோது பொருளும் இருந்தது. அறிவிப்புக்கும் அ உள்ளே வந்ததற்கும் இடையில் உலகம் மாறிவிட்டது. கோ மொழியின் `sync.Cond` இதற்கு நல்ல சான்று. `Signal` அல்லது `Broadcast` எழுப்பாமல் அதன் `Wait` திரும்பாது என்று ஆவணமே உறுதி சொல்கிறது. அதாவது நீங்கள் கேட்ட போலி விழிப்பு இல்லாத மொழி. அதே ஆவணம் லூப்பில் வைக்கவும் சொல்கிறது.

இந்தப் பிழை சோதனையில் பிடிபடாது. எடுக்கும் இழை ஒன்றே ஒன்று இருக்கும் வரை இந்த வழியில் பிழை வராது. இரண்டாவது இழையைச் சேர்த்த பிறகும் எப்போதாவதுதான் வரும், சுமை கூடும்போது.

கதிர்:

சுந்தரம் ஐயா, ஒரு கேள்வி. ஹோர் 1974-இல் எழுதிய மானிட்டர் கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் `if` போட்டுத்தான் இருக்கின்றன. அவர் தவறாகவா எழுதினார்?

சுந்தரம்:

தவறில்லை, கதிர். அவருடைய மானிட்டரில் அறிவிப்பவர் அந்த நொடியிலேயே இடத்தைக் காத்திருப்பவர் கையில் ஒப்படைத்துவிட்டு, தான் ஒதுங்கி நிற்பார். நடுவில் மூன்றாமவர் நுழைய முடியாது. எனவே அறிவித்தபோது இருந்த நிலை, எழுந்தவர் கைக்கு மாறாமல் வரும். அங்கே `if` போதும்.

பின்னர் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மீசா மொழிக்காக இதைச் செய்தபோது வேறு முடிவெடுத்தார்கள். அறிவிப்பவர் தன் வேலையைத் தொடர்வார், காத்திருப்பவர் பிறகு தன் முறை வரும்போது உள்ளே வருவார். இதனால் இழை மாற்றங்கள் குறைகின்றன. ஆனால் அறிவிப்பு வெறும் துப்பாகிவிடுகிறது. 'பொருள் இருக்கலாம், போய்ப் பார்' என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்லாது. லாம்ப்சனும் ரெடெலும் 1980-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்லி, லூப்பையும் காட்டினார்கள். போசிக்ஸ், ஜாவா, பைத்தான் எல்லாம் மீசா வழிதான்.

வளர்மதியின் கேள்விக்கும் ஹோரின் கட்டுரையில் பதில் இருக்கிறது. இந்த 'வேரியபிள்' உண்மையும் அல்ல பொய்யும் அல்ல, நிரல் எட்டிப் பார்க்கக்கூடிய மதிப்பு எதுவும் அதற்குள் இல்லை என்று அவரே குறிப்பிடுகிறார். நடைமுறையில் அது காத்திருக்கும் செயல்களின் ஒரு வரிசை. நிபந்தனை வேறெங்கோ இருக்கிறது, நம் நிரலில் `not q` என்பதில். ஆகவே 'நிபந்தனை', 'மாறி' என்ற இரண்டு பாதிகளுமே வழி தவறச் செய்கின்றன. என் பரிந்துரை காத்திருப்பிடம். அங்கே போய் உட்காரலாம், யாராவது வந்து எழுப்புவார்கள். எழுந்த பிறகு நாம் வந்த காரியம் நிறைவேறியதா என்று நாமேதான் பார்க்க வேண்டும்.

இரவியின் 'போலி விழிப்பு' அறிவிப்பே இல்லாமல் எழுவதற்குப் பொருந்தும். மேலே அ-வுக்கு நடந்ததற்குத் தனிச்சொல் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் போட்டதால்தான் குழப்பம். பிந்திய விழிப்பு எப்படி இருக்கிறது?

இரவி:

சரி, கோ மொழி பற்றிச் சொன்னது எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். 'பிந்திய விழிப்பு' பிடித்திருக்கிறது. ஆனால் 'காத்திருப்பிடம்' பற்றி ஒரு தயக்கம். கண்டிஷன் என்று தேடி வருபவருக்கு அது தென்படாது. பைத்தானில் வகுப்பின் பெயரே `Condition`.

இன்னொன்று, பைத்தானில் `cond.wait_for(lambda: q)` இருக்கிறதே. அதைக் கற்றுக்கொடுத்தால் லூப்பே எழுத வேண்டாம்.

சுந்தரம்:

நல்லது, அதையே கற்றுக்கொடுக்கலாம். லூப் அதற்குள் இருக்கிறது. நிபந்தனையையும் காத்திருப்பையும் பிரிக்க முடியாதபடி அது கட்டிவைக்கிறது.

மேகலா:

நன்றி ஐயா, என் சந்தேகம் தீர்ந்தது. பழைய நிரலை `wait`-க்கு மாற்றினேன், சிபியு அடங்கிவிட்டது. ஆனால் இப்போது வேறு சிக்கல். இரண்டு இழைகள் போடுகின்றன, இரண்டு எடுக்கின்றன. வரிசையில் ஒரு பொருளுக்குத்தான் இடம். எல்லாரும் `while`-இல்தான் காத்திருக்கிறார்கள், ஒரே `cond`, ஒவ்வொரு முறையும் `notify`. சில நேரம் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் எல்லாமே நின்றுவிடுகிறது. சிபியு பூஜ்யம்.

சுந்தரம்:

மேகலா, இது லூப்பால் தீராத வகை. வேண்டாத நேரத்தில் எழுந்தால் லூப் காக்கும். எழ வேண்டியவர் எழுப்பப்படாவிட்டால் லூப் ஒன்றும் செய்ய முடியாது.

எடுப்பவர் இருவரும் காலி வரிசையைப் பார்த்து உறங்குகிறார்கள். போடுபவர் ஒருவர் பொருள் போட்டு, முதல் எடுப்பவரை எழுப்புகிறார். அவர் பூட்டை வாங்குவதற்குள் போடுபவர் இருவரும் அடுத்த பொருளோடு வந்து, இடம் இல்லை என்று உறங்கிவிடுகிறார்கள். முதல் எடுப்பவர் பொருளை எடுத்துவிட்டு `notify` செய்கிறார். இப்போதைய பைத்தானில் நெடுநேரம் காத்திருப்பவர்தான் முதலில் எழுவார், அதாவது இரண்டாவது எடுப்பவர். அவர் லூப்பில் பார்க்கிறார், காலி, மறுபடி உறங்குகிறார். முதலாமவரும் திரும்பி வந்து உறங்குகிறார். நால்வரும் உறக்கத்தில், எழுப்ப ஆள் இல்லை.

ஒரு பூட்டுக்கு இரண்டு காத்திருப்பிடங்கள் வையுங்கள்:

```python
lock = threading.Lock()
not_empty = threading.Condition(lock)
not_full = threading.Condition(lock)
```

போடுபவர் `not_empty`-ஐ எழுப்பட்டும், எடுப்பவர் `not_full`-ஐ. பைத்தானின் `queue.Queue` உள்ளே இப்படித்தான் இருக்கிறது. அவசரத்துக்கு `notify_all` போட்டாலும் ஓடும், ஆனால் வீணாக எல்லாரும் எழுந்து திரும்ப உறங்குவார்கள்.

கதிர்:

"ஒரு பூட்டுக்கு இரண்டு காத்திருப்பிடங்கள்" என்று படித்தவுடன் எனக்கு ஐயம் போய்விட்டது. "இரண்டு நிபந்தனை மாறிகள்" என்றால் இவ்வளவு எளிதாகப் புரிந்திருக்காது. மானிட்டருக்கு 'பூட்டறை' என்று சொல்லலாமா? ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளே இருக்கும் அறை, அதை ஒட்டிக் காத்திருப்பிடங்கள்.

சுந்தரம்:

படம் சரியாக வருகிறது, கதிர். ஆனால் 'பூட்டறை' என்றால் அடைத்துவைத்த அறை போலவும் ஒலிக்கிறது. தரவும் அதைத் தொடும் செயல்களும் சேர்ந்து இருக்கும் இடம் என்ற பொருள் அதில் வரவில்லை. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

வளர்மதி:

பாடத்தில் 'காத்திருப்பிடம்' என்றே எழுதுகிறேன். இரவி சொன்னதற்காக, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'கண்டிஷன் வேரியபிள் எனப்படும் காத்திருப்பிடம்' என்று இருக்கும். 'போலி விழிப்பு', 'பிந்திய விழிப்பு' இரண்டும் தனித்தனியே வரும், பிந்தியது முதலில். மானிட்டரை இப்போதைக்கு மானிட்டர் என்றே விடுகிறேன். `notify`-க்கு 'அறிவி' வைப்பதா 'எழுப்பு' வைப்பதா என்று இன்னும் யோசனை. 'எழுப்பு' என்றால் எழுந்தவுடன் ஓடத் தொடங்கிவிடுவார் என்று தோன்றுகிறது, 'அறிவி' என்றால் யாரும் காத்திருக்காதபோது அந்தச் செய்தி எங்கோ சேமித்து வைக்கப்படும் என்று தோன்றுகிறது. இரண்டுமே நடப்பதில்லை.