பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரே நாளில் இரண்டு 295 ரூபாய்

கடலூர் ஓ.டி.
அப்பாவுக்குக் கூலிப்பணம் மாதம் பத்தாம் தேதி வாக்கில்தான் கணக்கில் ஏறும். போன மார்ச்சில் 6,000 ஏறியது, அன்றைக்கே 590 குறைந்தது. யாரோ திருடிவிட்டார்கள் என்று அவர் பதறிப்போனார். பாஸ்புக்கைப் பதியவைத்துப் பார்த்தேன்:

```
10/03/25 NEFT CR              6000.00
10/03/25 ACH DR RTN CHG 020225 295.00
10/03/25 ACH DR RTN CHG 020325 295.00
```

அந்த ஆறு இலக்கம்தான் விஷயமே. 020225 என்றால் 2025 பிப்ரவரி 2. டிவிக்கு வாங்கிய கடனின் தவணை நாள் அது. அன்று கணக்கில் 140 ரூபாய்தான் இருந்தது. தவணை திரும்பிவிட்டது, மார்ச்சிலும் அதே கதை. அபராதம் பிடிக்கவும் பணம் இல்லாததால் பாக்கியாக நின்று, கூலி ஏறியதும் இரண்டும் சேர்ந்து போயிருக்கிறது.

லாஸ்பேட்டை அக்கா
தம்பி, இது ஆட்டோபேதான். போனில் யுபிஐ ஆப்பைத் திறந்து நிறுத்திவிடுங்க, சரியாகிவிடும். ஆனால் பிப்ரவரி 2 ஞாயிறாச்சே, பேங்க் லீவில் எப்படிப் பிடித்தான்?

நெல்லிக்குப்பம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்
தானாகப் பிடிப்பது என்ற வரையில் அம்மா சொல்வது சரி. ஆனால் ACH என்று வந்தால் அது யுபிஐ ஆப்பில் இருக்காது. கடன் வாங்கும்போது கையெழுத்தோ ஓடிபியோ கொடுத்த மேண்டேட் அது. அதற்கு UMRN என்று 20 எழுத்தில் ஓர் எண் உண்டு. நிறுத்துவதானால் கிளையில் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஞாயிறு லீவெல்லாம் 2021 ஆகஸ்ட் 1-லிருந்து இதற்குக் கிடையாது.

ஆனால் நிறுத்தாதீர்கள். மேண்டேட் போனாலும் கடன் அப்படியே நிற்கும். 295 என்பது 250-உம் 18 சதவீத ஜிஎஸ்டி 45-உம், வங்கி எடுப்பது. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்குத் தனியாக அபராதம் போட்டிருக்கும், அது பாஸ்புக்கில் தெரியாது. கம்பெனியிடம் கடன் கணக்கு விவரம் கேளுங்கள். தவணை நாளைப் பன்னிரண்டுக்கு மேல் மாற்றித் தரவும் எழுதிக் கொடுங்கள்.

முத்தியால்பேட்டை
எனக்கு CLG என்று வந்து, பக்கத்தில் ஆறு இலக்கம் இருக்கிறது. அதுவும் தேதியா?

நெல்லிக்குப்பம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்
இல்லை, அது செக் எண். கிளியரிங்கில் போன செக். உங்கள் செக்புக்கின் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் கிழித்துக் கொடுக்காத எண் என்றால் உடனே கிளைக்குப் போங்கள்.

கடலூர் ஓ.டி.
கம்பெனியில் விவரம் வாங்கினேன் ஐயா. மாதத்துக்கு ஒன்றாக அவர்களும் அபராதம் போட்டிருக்கிறார்கள். தேதியை மாற்ற மனு கொடுத்தாச்சு, பதில் வரவில்லை. ஏப்ரலுக்கு மட்டும் ஒன்றாம் தேதியே தவணைப் பணத்தை நான் போட்டுவிட்டேன். கிளையில் அந்த 590-இல் ஏதாவது திருப்பித் தருவார்களா?

லாஸ்பேட்டை அக்கா
என் தங்கைக்கு ஒரு தடவை கொடுத்தார்கள், அடுத்த தடவை முடியாது என்றுவிட்டார்கள். மேனேஜரிடம் எழுதிக் கேட்டுப் பாருங்க.